வெயிலில் பொடியாகும் கட்டு

மழை பெய்த மறுநாள் காலையில் சோலார் இன்வெர்ட்டர் ஓடாது. திரையில் `PV Isolation Low` என்று வரும். வீட்டுக்காரர் படம் எடுத்து, பொருத்தியவருக்கு அனுப்புவார். அவர் கிளம்பி வருவதற்குள் வெயில் ஏறி, பத்தரை மணிவாக்கில் இன்வெர்ட்டர் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். "இப்போ நல்லாத்தானே ஓடுது அண்ணே" என்று வந்தவர் திரும்பிப் போய்விடுவார். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை.

இந்தக் கோளாறுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். பொருத்தி இரண்டு மூன்று வருடம் ஆன மாடியில் முதலில் பார்க்க வேண்டியது பலகைக்கு அடியில் தரையைத்தான். அங்கே ஒடிந்த பிளாஸ்டிக் துண்டுகள் கிடக்கும். நகம் அளவுக்கு ஒரு சதுரத் தலை, அதோடு ஒட்டிய அரை விரல் நீள வால். கேபிளைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த கேபிள் டைகள் அவை. கட்டு போனதும் கேபிள் தொங்கும். தொங்கும் கேபிள் காற்றில் ஆடி, இரும்புச் சட்டத்தின் விளிம்பிலோ தளத்தின் சொரசொரப்பிலோ உரசும். ஆடி மாதக் காற்றில் இரவு பகலாக உரசினால் எந்த மேலுறையும் தேயும். தேய்ந்த இடத்தில் மழைநீர் படும்போது மின்சாரம் சட்டத்துக்குக் கசிகிறது. ஈரம் காய்ந்ததும் கசிவு நின்றுவிடுகிறது. இன்வெர்ட்டர் நடத்தும் கண்ணாமூச்சியின் ரகசியம் இதுதான்.

மூன்று கிலோவாட் அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 540 வாட் பலகைகள் ஆறு. எல்லாம் ஒரே வரிசையாக இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது சுமார் 41 வோல்ட் தருவதால், வரிசையின் இரு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 250 வோல்ட் நிற்கும். இது நேர்மின்சாரம். வீட்டுச் சுவரில் வரும் மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போவதால், அதில் எழும் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. நேர்மின்சாரத்தில் அப்படி ஓர் இடைவெளியே கிடையாது. பொறி கிளம்பினால் அது நின்று எரியும். தேய்ந்த கேபிளை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பலகைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அதற்கென்றே செய்யப்படும் சோலார் கேபிளின் மேலுறையும் அதே காலத்துக்குக் கணக்குப் போட்டுத் தயாரானது. சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சு. இவை அத்தனையையும் ஒழுங்காகப் பிடித்து வைத்திருக்கும் இருபது முப்பது டைகள் மட்டும், ஒன்று ஓரிரு ரூபாய் என்று பெட்டிக்கடையில் வாங்கியவை.

கேபிள் டை இந்த வேலைக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் தாமஸ் அண்ட் பெட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மௌரஸ் லோகன் 1956இல் ஒரு போயிங் விமானத் தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். விமானத்துக்குள் போகும் ஆயிரக்கணக்கான ஒயர்களை மெழுகு பூசிய நூலால் தொழிலாளர்கள் ஒவ்வொரு முடிச்சாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நூலை இழுத்து இழுத்துக் கை புண்ணாகிப்போகும். லோகன் யோசித்து உருவாக்கிய பட்டைக்கு 1958இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். விமானத்தின் உடலுக்குள் வெயில் ஏது? அந்த இருட்டுக்கு நைலான் அருமையான தேர்வு. இழுவிசை தாங்கும், வளையும், வார்ப்பதும் எளிது. இன்றும் சந்தையில் கிடைக்கும் டைகளில் பெரும்பாலானவை நைலான் 66 என்ற அதே வகைதான். 4.8 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண டை சுமார் 22 கிலோ இழுவையைத் தாங்கும். புதிதாக இருக்கும்வரை தாங்கும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெயில் அதை என்ன செய்கிறது? பிளாஸ்டிக்கின் உரம் முழுக்க அதன் மூலக்கூறுச் சங்கிலிகளின் நீளத்தில் இருக்கிறது. தட்டில் இருக்கும் இடியாப்பத்தை ஓர் ஓரமாகப் பிடித்துத் தூக்கினால் மொத்தமாக எழுந்து வரும். இழைகள் நீளமாக ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் வருகிற பிடிப்பு அது. அதையே கரண்டியால் கொத்திவிட்டுத் தூக்கிப் பார்த்தால் உதிர்ந்துபோகும். மாவும் அதேதான், எடையும் அதேதான், பின்னல் மட்டும் போய்விட்டது. நைலானுக்கு நடப்பதும் இதுவே. சங்கிலிகள் ஒவ்வொன்றும் ஓரிரு இடத்தில் அறுந்தாலே போதும், வளைந்து கொடுக்கும் தன்மை காணாமல் போய்விடும்.

அறுப்பது புற ஊதாக் கதிர். தரைக்கு வந்துசேரும் சூரிய ஆற்றலில் அதன் பங்கு சுமார் ஐந்து சதவீதந்தான். ஆனால் அந்தக் கதிரின் ஒவ்வொரு துகளுக்கும் கார்பன் பிணைப்பை உடைக்கப் போதுமான வலு உண்டு. சுத்தமான நைலான் அந்தக் கதிரை அதிகம் உறிஞ்சுவதில்லை. வார்க்கும்போது பட்ட சூட்டில் உண்டான சிறு சிதைவுகளும், தயாரிப்பில் தங்கிவிட்ட மாசுகளும்தான் அதை முதலில் வாங்கிக்கொள்கின்றன. அங்கே ஒரு பிணைப்பு உடைந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து உண்டாகும் பொருள் தானும் நிலையில்லாதது. அது உடைந்து பக்கத்துச் சங்கிலியையும் தாக்கும். ஒரு முறை தொடங்கிவிட்டால் வேலை தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போகும். இதற்குச் சூடும் துணை. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இப்படிப்பட்ட வினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை மத்தியானத்தில் சோலார் பலகையின் முதுகு 60, 70 டிகிரிக்குப் போவது சாதாரணம்.

பலகைக்கு அடியில் நிழல்தானே என்று கேட்கலாம். நேர் வெயில் குறைவு என்பது சரிதான். ஆனால் காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ இருக்கும்போது ஒளி பக்கவாட்டில் உள்ளே வரும். பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கு வழியாகவும் விழும். புற ஊதாக் கதிரின் பெரும் பங்கு சூரியனிலிருந்து நேராக வராமல் வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருவதால், நிழலில் இருக்கும் பொருளும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஓரத்துப் பலகைகளின் டைகள் முதலில் ஒடிவதற்கும், நடுவில் இருப்பவை சில காலம் தள்ளுவதற்கும் இதுவே காரணம்.

ஒடிந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதை தெரியும். பட்டையின் கனம் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். வெயிலைப் பார்த்திருந்த பக்கம் மங்கி, சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருக்கும். உள்பக்கம் இன்னும் பளபளப்பாகவே இருக்கும். வெளுத்த பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் குறுக்கே மெல்லிய கீறல்கள் வரிசையாக ஓடும். சிதைவு நடந்தது மேல்தோலில்தான். ஆனால் அந்தத் தோல் உடையும்போது விழும் கீறல் நன்றாக இருக்கும் உள்பகுதியையும் கிழித்துக்கொண்டு போய்விடுகிறது. பெரும்பாலும் தலையை ஒட்டிய கழுத்தில் ஒடியும். பட்டை அங்கேதான் அதிகம் வளைகிறது, பற்களின் பள்ளமும் அங்கே இருக்கிறது. இழுத்து இறுக்கிக் கட்டப்பட்ட டை இன்னும் சீக்கிரம் போகும். ஏற்கெனவே விறைத்து நிற்கும் பொருளில் கீறல் தானாகவே விரிந்துகொள்ளும்.

எல்லா ஒடிதலுக்கும் வெயிலைக் குற்றம் சொல்லிவிடவும் முடியாது. பாக்கெட்டைப் பிரித்துக் கட்டும்போதே டக்கென்று ஒடியும் டைகள் உண்டு. உடனே "டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். சாதாரணக் காற்றில் தன் எடையில் சுமார் இரண்டரை சதவீதம் நீரை உள்ளே வைத்திருக்கும். அந்த நீர்தான் அதை வளைய விடுகிறது. நல்ல தயாரிப்பாளர்கள் டைகளை ஈரப்பதத்தோடு பையில் அடைத்து மூடுவது இதற்காகத்தான். பையைத் திறந்து போட்டு, கூரைத் தகட்டுக்கடியில் கோடை முழுக்கக் காயவிட்டால் நீர் வற்றி விறைத்துப்போகும். இப்படிக் காய்ந்ததைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் பழைய வளைவு திரும்பும். வெயிலில் அறுந்த சங்கிலி எத்தனை நாள் ஊறினாலும் ஒட்டாது. இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய வழி.

இனி எது தாங்கும் என்ற கேள்வி. கடையில் நடக்கும் உரையாடல் வழக்கமாக இப்படி இருக்கும்.

"வெயிலுக்குத் தாங்குற மாதிரி டை இருக்கா அண்ணே?"

"கறுப்பு வாங்கிக்கங்க தம்பி. கறுப்புன்னா தாங்கும்."

பாதி உண்மை. பிளாஸ்டிக்கை வெயிலிலிருந்து காப்பது கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள். டயருக்குக் கறுப்பு தருவதும் அதுவே. தொலைபேசிக் கேபிளுக்குப் பாலிதீன் உறை போடத் தொடங்கிய காலத்தில் அது வெயிலில் வெடித்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் இதை ஆராய்ந்து, இரண்டு சதவீதம் அளவுக்கு மிக நுண்ணிய கரித்தூளைச் சீராகக் கலந்தால் உறை பல ஆண்டு தாங்குகிறது என்று 1950இல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டு வயல்களில் கிடக்கும் சொட்டுநீர்க் குழாய்கள் கறுப்பாக இருப்பதற்கும் காரணம் அந்தக் கண்டுபிடிப்புதான். கரித்தூள் புற ஊதாக் கதிரை மேல்தோலிலேயே விழுங்கி வெறும் சூடாக மாற்றிவிடுகிறது. கதிர் உள்ளே போக வழியில்லை.

ஆனால் நிறத்துக்காக மட்டும் கறுப்பு கலந்த டையும் அதே கறுப்பில்தான் இருக்கும். வெட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. துகள் பெரிதாக இருந்தாலோ, கலவை சீராக இல்லாமல் கட்டி கட்டியாக நின்றாலோ பாதுகாப்பு ஓட்டை. ஆகவே கண்ணை நம்பாமல் பாக்கெட்டின் எழுத்தைப் படிக்க வேண்டும். கேபிள் டைகளுக்கான பன்னாட்டுத் தரநிலை IEC 62275. அதன்படி தயாரிப்பாளர் தன் டை புற ஊதாக் கதிரைத் தாங்குமா இல்லையா என்று அறிவித்தாக வேண்டும். UV என்றோ வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்றோ பாக்கெட்டில் இல்லை என்றால், அது வீட்டுக்குள் பயன்படுத்தும் டை என்றே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை டைகள் பற்றிப் பேசவே வேண்டாம்.

பெரிய தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணைகளில் சாதாரண நைலான் 66க்கு வெளிப்புற ஆயுள் ஓரிரண்டு ஆண்டு என்று இருக்கும். வெயில் தாங்கும் கறுப்பு நைலான் 66க்கு ஏழு முதல் ஒன்பது ஆண்டு, நைலான் 12 என்ற வேறு வகைக்கு 12 முதல் 15 ஆண்டு என்பார்கள். மதுரை மாடியில் இந்த எண்கள் இறங்கும் என்று வைத்துக்கொள்வதே புத்தி. எப்படி இறங்கினாலும் ஒன்று தெரிகிறது: இவற்றில் எதுவும் பலகையின் 25 ஆண்டை எட்டவில்லை.

கடலோரத்தில் இன்னொரு எதிரியும் சேர்ந்துகொள்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ உப்புக்காற்று துத்தநாகப் பூச்சுள்ள சட்டத்தில் படியும்போது துத்தநாகக் குளோரைடு உண்டாகிறது. இறுக்கமாக நிற்கும் நைலான் 66இல் அது படிந்தால், வெயிலே இல்லாவிட்டாலும் வெடிப்பு விழும். கரித்தூளால் இதைத் தடுக்க முடியாது. நைலான் 12 இந்த உப்பை நன்றாகத் தாங்கும். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில், கறுப்பு டை வாங்கியும் ஒரு வருடத்தில் போய்விட்டது என்று யாராவது புலம்பினால், விற்றவரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

பலகைக்கு அடியில் கேபிளைப் பிடிக்கச் சிறந்தது டையே அல்ல, கிளிப். பலகையைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்தின் உள்விளிம்பில் கையால் அழுத்தி மாட்டும் சின்னஞ்சிறு எஃகுக் கிளிப்புகள் உண்டு. ஒன்றில் ஒரு கேபிளோ இரண்டோ உட்காரும். துருப்பிடிக்காத எஃகில் ஆனது, புற ஊதாக் கதிருக்கு அசையாது. வாங்கும்போது இரண்டு அளவுகள் பொருந்த வேண்டும்: சட்ட விளிம்பின் கனம், கேபிளின் விட்டம். தளர்வாக இருந்தால் காற்றில் நழுவி விழும். இறுகலாக இருந்தால் மாட்டும்போது கேபிளின் தோல் கிழியும். ஒரு பலகைக்கு மூன்று கிளிப் என்று கணக்கிட்டால், மேலே சொன்ன ஆறு பலகை அமைப்புக்குப் பதினெட்டே போதும். கடலோரமானால் எஃகு 316 வகையா என்று கேட்க வேண்டும். அதில் சேர்த்திருக்கும் மாலிப்டினம் உப்பை எதிர்த்து நிற்கும். 304 வகையில் சில காலத்தில் பழுப்புக் கறை தோன்றும்.

தடித்த கற்றையாகக் கேபிள்கள் ஓடும் இடத்தில் கிளிப் உதவாது. அங்கே மேற்பூச்சு உள்ள எஃகு டை நல்லது. பூச்சு இல்லாத வெறும் எஃகுப் பட்டையைக் கேபிளின் மேல் நேராக இறுக்கினால், விளிம்பு கத்தியாகி வெயில் செய்யாததை அது செய்துவிடும். கட்டடத்தில் மிச்சமிருக்கும் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடும் பழக்கமும் இதே ரகம்தான். அந்தக் கம்பி கேபிளின் தோலுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். மிச்சப்பட்ட வீட்டு ஒயரை உறையோடு வெட்டி முறுக்குபவர்களும் இருக்கிறார்கள். அவசரத்துக்கு மோசமில்லை, ஆனால் அந்த பி.வி.சி. உறையும் நாளடைவில் வெடிக்கும், உள்ளிருக்கும் செம்பு அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியம் அரிக்கும். ஒட்டும் பசையோடு வரும் பிளாஸ்டிக் தாங்கிகளை மாடிக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே மேல். பசை முதல் கோடையிலேயே கழன்றுவிடும்.

சுவரில் கேபிள் டி.வி. ஒயரைப் பிடிக்க ஆணியோடு அடிக்கும் வெள்ளைக் கிளிப்பை எல்லாரும் பார்த்திருப்பார்கள். மேற்குச் சுவரில் அது சில வருடத்தில் உதிர்ந்து, ஆணி மட்டும் நிற்கும். அங்கே உலோகச் சேடில் அடித்தால் பிரச்சினை முடிந்தது.

ஸ்லீவ், பைப் விஷயத்தில் ஏமாற்றம் கொஞ்சம் தாமதமாக வருகிறது. வீட்டு ஒயரிங்குக்குப் போடும் வெளிர்நிற பி.வி.சி. குழாய் சுவருக்குள் இருந்தால் ஆயுள் முழுக்கக் கிடக்கும். மாடியில் வெயிலில் கிடந்தால் வேறு விதமாகக் கெடும். பி.வி.சி. தன்னிடமுள்ள குளோரினை அமிலமாக இழந்து, மஞ்சளாகிப் பழுப்பாகி, மிதித்தால் ஓட்டைப் போல உடையும். வளையும் பி.வி.சி. ஸ்லீவில் அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருளும் சூட்டில் வெளியேறிவிடுவதால், அது விறைத்துச் சுருங்கும். கரித்தூள் கலந்த கறுப்பு எச்.டி.பி.இ. குழாயோ, வெயில் தாங்கும் என்று குறிப்பிட்ட கறுப்பு நெளிகுழாயோ நெடுநாள் உழைக்கும். வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவிலும் கறுப்பே நிற்கும். நேர்முனைக்குச் சிவப்பு போட்டால் அது வெளிறி, எது சிவப்பு என்றே தெரியாமல் போகும். அடையாளத்துக்குச் சிவப்பைக் கேபிளின் நிறத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

குழாய் போடும்போது அதன் தாழ்ந்த இடத்தில் ஒரு துளை வேண்டும். வாய் வழியாகப் புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் நின்றால், கேபிள் மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறும். இணைப்பிகளைக் குழாய்க்குள் தள்ளி மறைப்பது இன்னும் ஆபத்து.

நல்ல டை வாங்கியும் கட்டும் விதத்தால் கெடுப்பவர்கள் உண்டு. கேபிள் சூட்டில் நீண்டு குளிரில் சுருங்கும். கையால் பிடித்து இழுத்தால் கட்டுக்குள் லேசாக நகர்கிற அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். தலை வெயிலைப் பார்க்காமல் உள்பக்கம் இருக்கட்டும். வாலைத் தலையோடு ஒட்ட நேராக வெட்ட வேண்டும். சாய்த்து வெட்டினால் அடுத்து வருபவரின் கையைக் கிழிக்கும். சட்டத்தின் கூர்மையான ஓட்டை வழியாக டையைக் கோக்கவே கூடாது.

ஏற்கெனவே அமைப்பு இருக்கும் வீட்டில், ஆடிக் காற்று ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், அதாவது செப்டம்பரில், ஒரு முறை பார்த்துவிடலாம். காலையில் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தாலே தொங்கும் கேபிள் தெரியும். கேபிளைத் தொடாமல், டையின் நீட்டிய வாலை மட்டும் விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். வளைந்து திரும்பினால் இன்னும் உயிர் இருக்கிறது. முறிந்தால் அந்த வரிசையில் உள்ள அத்தனையும் அதே வயது, அதே வெயில். ஒடிந்ததை மட்டும் மாற்றுவது வீண் வேலை. கேபிளில் தேய்மானமோ வெடிப்போ தெரிந்தால் கை வைக்காமல் பொருத்தியவரைக் கூப்பிட வேண்டும். வெயில் இருக்கும்வரை அந்தக் கேபிளில் மின்சாரம் இருக்கும், வீட்டு மெயினை அணைத்தாலும் போகாது. இணைப்பியை ஓடும்போது பிடுங்கினால் அங்கேயே பொறி பறக்கும்.

புதிதாகப் போடுபவர்களுக்கு வாய்ப்பு இன்னும் எளிது. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வருவதால் விலைப்பட்டியல்கள் இப்போது எல்லாத் தெருவிலும் புழங்குகின்றன. அவற்றில் பலகையின் பெயர், இன்வெர்ட்டரின் பெயர், கேபிளின் அளவு எல்லாம் இருக்கும். கடைசி வரியில் "இதர பொருட்கள்" என்று ஒன்று இருக்கும், டையும் கிளிப்பும் அதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன், "பலகைச் சட்டத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப், பலகைக்கு மூன்று; மற்ற இடங்களில் பூச்சுள்ள எஃகு டை அல்லது நைலான் 12" என்று அந்த வரிக்குக் கீழே எழுதி வாங்கிக்கொள்ளலாம். மொத்தச் செலவில் இதனால் கூடும் தொகை, பலகைகளை ஒரு முறை ஆள் வைத்துத் துடைக்கும் கூலியோடு போட்டி போடும் அளவில்தான் இருக்கும்.